அட்டையில் ஏறிய அரபுச் சொற்கள்

வாணியம்பாடியில் பிறந்த மர்ஹூம் டாக்டர் வி. அப்துர் ரஹீம் அவர்களின் ‘துரூசுல் லுகத்தில் அரபிய்யா’வை நாம் பயிலத் தொடங்கியபோது, நாளொன்றுக்கு 8 சொற்களே என வரையறுத்தோம். அட்டையின் முன்புறம் தமிழில் ‘வீடு’. பின்புறம் ‘பைத்’, பன்மை ‘புயூத்’. இவ்வகைப் பன்மையை விதிகொண்டு ஊகித்தல் அரிதாதலின், ஒருமையோடு சேர்த்தே மனனம் செய்தோம். ‘ஷம்ஸ்’ போன்று ஈற்றில் அடையாளமில்லாப் பெண்பாற் சொல்லாயின், ‘ஹாதிஹி’ என்னும் சுட்டையும் முன்னே எழுதினோம்.

எழுதிய 1, 3, 7, 15ஆம் நாள்களில் திருப்புதல். அரபைக் கண்டு பொருளுரைப்பது எளிது. தமிழைக் கண்டதும் அரபு நாவில் எழுகிறதா என்பதே சோதனை. தவறிய அட்டை மீண்டும் முதல் நாளுக்குத் திரும்பும். இக்கணக்கில் நாளொன்றுக்கு 32 அட்டைகள் வரும். தவறியவையும் சேர்ந்து 50ஐத் தாண்டினால், புதுச் சொற்களை நிறுத்திவைத்துப் பழையவற்றையே தீர்க்கிறோம்.