பொியகுளமும் கிளிெநாச்சியும்

சென்ற மாதம் பழைய நண்பர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். ஜெயபுரத்தில் நெடுங்காலம் ஆசிரியராக இருந்தவர். 2008 இல் இடம்பெயர்ந்தபோது பெட்டியோடு தொலைந்த தாள்களுள் அவருடைய தந்தையாரின் மரண அறிவித்தலும் ஒன்று. நான் பணியாற்றிய பத்திரிகையின் பக்கங்கள் பிடிஎவ் கோப்புகளாக என்னிடம் இருப்பதை எவரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

"தேடிப் பார்த்தேன், ஐயா. ஜெயபுரம் என்ற சொல்லே அதில் இல்லை" என்று மறுநாள் பதில் சொன்னேன்.

"அப்படி இருக்காது. நீங்களே எங்கள் ஊரைப் பற்றி எழுதியிருக்கிறீர்களே" என்றார்.

அவர் சொன்னது சரி. பிழை என் தேடலில் இருந்தது.

அந்தப் பக்கங்கள் பாமினி எழுத்துருவில் கோத்தவை. பாமினியில் தமிழ் எழுத்து என்று எதுவும் உள்ளே இல்லை. ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் உருவங்களைப் போர்த்திருக்கிறார்கள். கிளிநொச்சி என்பதை உள்ளே `fpspnehr;rp` என்றே தட்டுவோம். இதில் `n` கொம்பு, `e` நகரம், `h` அரவு. தட்டச்சுப் பொறியில் பழகிய கை கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே கொம்பை முதலில் அடிக்கும். ஒருங்குறியோ ஒலிக்கும் வரிசையைக் கேட்கிறது: முதலில் மெய், பிறகே உயிர்க்குறி. எழுத்துக்கு எழுத்து மாற்றும் எளிய நிரலொன்றில் இதைப் போட்டால் வருவது "கிளிெநாச்சி". ஜெயபுரம் "ெஜயபுரம்" ஆகிவிடும். ஆதாரமின்றி நிற்கும் கொம்புக்குப் பக்கத்தில் பல திரைகள் ஒரு புள்ளி வட்டத்தையும் வரைந்து காட்டும். ஒருங்குறி எழுத்துருவில் கோத்த பிடிஎவ் கோப்பிலும் இதே தொல்லை நேர்வதுண்டு. அங்கும் பக்கத்தில் உருவங்கள் இடமிருந்து வலமாக வரையப்பட்டிருக்க, பிரித்தெடுக்கும் கருவி அவற்றை அதே வரிசையில் வாரிக் கொடுத்துவிடுகிறது.

இதற்கு மருந்து ஒருங்குறியின் இயல்பாக்கம் என்று பலர் சொல்வார்கள். பாதிதான் உண்மை. தமிழில் ஒகரக் குறி U+0BCA என்ற ஒரே குறியாகவும் இருக்கலாம். கொம்பு U+0BC6, அரவு U+0BBE என இரண்டாகவும் இருக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றே. எண்ணினால் வேறுபாடு புலப்படும்: கிளிநொச்சி முதல் வகையில் 10 குறிகள், இரண்டாவதில் 11. குறிக்குக் குறி ஒப்பிடும் தேடலுக்கு இவை இரண்டும் வெவ்வேறு சொற்கள். NFC என்னும் இயல்பாக்கம் அடுத்தடுத்து நிற்கும் இவ்விரண்டையும் ஒன்றாகப் பொருத்திவிடும். ஆனால் கொம்புக்கும் அரவுக்கும் இடையில் நகரம் நின்றால் அது தொடாது. வரிசையை மாற்றுவது அதன் வேலையன்று. அதை முதலில் நாமே செய்ய வேண்டும்.

நானும் அப்படியே செய்தேன். கிளிநொச்சி கிடைத்தது, ஜெயபுரம் கிடைத்தது. ஆனால் பெரியகுளம் "பொியகுளம்" ஆகிவிட்டது!

காரணத்தைக் கண்டுபிடிக்க ஒரு மாலைப்பொழுது போயிற்று. எங்கள் அச்சுக்கோப்பாளர்கள் ரி என்ற எழுத்தை அழகு கருதி அரவின் மேல் விசிறி போட்டு, `hp` என்றே அடிப்பார்கள். பூநகரி உள்ளே "பூநகாி"யாகவே இருக்கும். கண்ணுக்குப் பிழை தெரியாது. பெரிய என்ற சொல்லில் அந்தப் போலி அரவு கொம்புக்கு அடுத்து வந்து நிற்க, இயல்பாக்கம் தன் விதிப்படி இரண்டையும் ஒகரமாக்கிவிட்டது. ஆகவே ரகரத்தைத் திருத்துவதே முதற்படி. அரவுக்குப் பின் விசிறியோ குற்றோ தமிழில் வரவே வராது என்பதால் இந்த மாற்றத்தில் ஆபத்தில்லை.

```python
import re, unicodedata
s = re.sub('\u0BBE(?=[\u0BBF\u0BC0\u0BCD])', '\u0BB0', s)
s = re.sub('([\u0BC6-\u0BC8])([\u0B95-\u0BB9])', r'\2\1', s)
s = unicodedata.normalize('NFC', s)
```

நடு வரியை ஒருமுறைக்கு மேல் ஓட்டாதீர்கள். ஏற்கெனவே சரியாக இருக்கும் "தெரு"வை அது "தரெு" ஆக்கிவிடும்.

கௌதாரிமுனை மட்டும் இன்னும் அகப்படவில்லை. பாமினியில் ஔகாரத்தின் பின்பாதிக்கும் ளகரத்துக்கும் ஒரே விசை. ஒருங்குறியில் அந்தப் பின்பாதி U+0BD7 என்ற தனிக்குறி, ளகரம் U+0BB3. "கெளதாரிமுனை" என்று வந்து நின்றதை இயல்பாக்கம் ஏறெடுத்தும் பார்க்காது, அதன் கணக்கில் அது பிழையற்ற சொல். எல்லா இடத்திலும் மாற்றிவிடலாம் என்றால் வெள்ளமும் வெளியும் கெட்டுவிடும். பின்னால் குற்றோ வேறு உயிர்க்குறியோ இருந்தால் ளகரம் என்று விட்டுவிட்டு, மிச்சத்தைக் கண்ணால் பார்த்தே திருத்தினேன். ஒப்புநோக்காளர் வேலையை இவ்வயதில் மறுபடி செய்ததில் எனக்கு வருத்தமில்லை.

ஜெயபுரம் நான்கு இடங்களில் இருந்தது. மூன்று நான் எழுதிய செய்திகள். நான்காவது, ஆறாம் பக்கத்தின் அடியில், சிறிய எழுத்தில், அவர் கேட்ட அறிவித்தல். தந்தையாரின் பெயரில் ஓர் ஒகரம் இருந்தது. படத்தோடு எழுத்தையும் அனுப்பும் முன் அந்தப் பெயரை மட்டும் குறிக்குக் குறி எண்ணிச் சரிபார்த்தேன்.