நோயின் பெயரும் வேலையின் அளவும்

நோயுற்றிருந்த ஊழியர் ஒருவர் பணிக்குத் திரும்பும்போது அவர் கொண்டுவரும் வைத்தியச் சான்றிதழை நோக்கி இரண்டு வினாக்களை எழுப்பலாம். இவருக்கு வந்த நோய் யாது என்பது ஒன்று. இவரால் எவ்வேலையைச் செய்ய முடியும், எதனைச் செய்தல் ஆகாது, எத்தனை நாளைக்கு என்பது மற்றொன்று. வேலை கொடுப்போர் அறிய வேண்டியது இரண்டாவது வினாவுக்கான விடையையே. ஆனால் எம் கைக்கு வந்து சேர்ந்த சான்றிதழ்களுட் பல முதலாவது வினாவுக்கு விரிவாக விடை கூறிவிட்டு, இரண்டாவதனை ‘இலகு வேலை’ என்ற இரு சொற்களில் முடித்துவிடுகின்றன. சொல்ல வேண்டாதது சொல்லப்பட்டமையாலும், சொல்ல வேண்டியது சொல்லப்படாமையாலும் ஒருவர் எவ்வாறு இருமுறை துன்புற நேர்கிறது என்பதை ஓர் உதாரணத்தைக் கொண்டு விளக்க விரும்புகிறோம்.

எமது பாடசாலையின் ஆசிரியை ஒருவர், வயிற்றுப்புறத்தே செய்யப்பட்ட பெரிய சத்திரசிகிச்சை ஒன்றின் பின்னர், ஆறு வாரங்கள் கழித்துப் பணிக்குத் திரும்பினார். அவருக்கு வந்த நோயின் பெயரை நாம் இங்கு எழுதப்போவதில்லை. அதனை அறியாமலே வாசகர் இக்கட்டுரையை முற்றாக விளங்கிக்கொள்வர். அதுவே எமது வாதத்துக்கு முதற்சான்று. அவரது சான்றிதழோ அகற்றப்பட்ட உறுப்பின் பெயரையும், அகற்றப்பட்டதன் காரணத்தையும் கூறிவிட்டு, ‘இலகு வேலை விரும்பத்தக்கது’ என்று முடிந்திருந்தது.

அக்கடதாசி அதிபரின் மேசைக்குப் போவதற்கு முன் எழுதுவினைஞரின் மேசையைக் கடந்தது. மதிய இடைவேளையில் ஆசிரியர் ஓய்வறையில் அதுவே பேச்சாயிற்று. அந்த அம்மாவுக்கு இனிப் பிள்ளைப்பேறு உண்டோ இல்லையோ என்று, அவருடன் நாலு வார்த்தை பேசிப் பழகாதவர்களும் ஆராயத் தலைப்பட்டனர். உடல்நிலை பற்றி இத்துணை விபரம் பரவியும், நேர அட்டவணையில் ஒரு கோடுகூட மாறவில்லை. மேல்மாடியில் இருந்த தரம் 10, தரம் 11 வகுப்புகள் முன்போலவே அவருக்கு விதிக்கப்பட்டன. அவர் அதிபரிடம் சென்று முறையிட்டபோது கிடைத்த மறுமொழி இது: “படிப்பிக்கிறது என்ன மூட்டை தூக்கிற வேலையே, ரீச்சர்? எங்கட வேலையே இலகு வேலைதானே.”

அதிபரைக் கொடியவர் என நாம் சொல்லமாட்டோம். ‘இலகு வேலை’ என்பதற்கு ஓர் அளவில்லை. அலுவலகத்தில் கதிரையில் இருப்பவருக்கு அது ஒரு பொருள் தரும். மலைச்சரிவிலே கொழுந்துக் கூடையுடன் ஏறி இறங்கும் பெண்ணுக்கு வேறொரு பொருள் தரும். அளவற்ற சொல்லுக்கு அளவு விதிப்பவர், அதிகாரம் உடையவராகவே எப்போதும் இருப்பார். ஆகவே சான்றிதழில் அளவு எழுதப்படாதபோது, நோயாளரின் உடல் தாங்கும் எல்லையை வைத்தியருக்குப் பதிலாக முகாமையாளரே தீர்மானித்துவிடுகிறார்.

ஆசிரியர் சங்கக் கிளையின் பொறுப்பு எம்மிடம் இருந்தமையால், அவ்வாசிரியை எம்மை நாடினார். வைத்தியரிடம் மீண்டும் செல்லுமுன், அவரது ஒரு நாள் வேலையை ஒரு தாளில் எழுதுவோம் என்றோம். ஒரு பாடவேளை 40 நிமிடம், நாளொன்றுக்கு ஆறு அல்லது ஏழு பாடவேளைகள், பெரும்பாலும் நின்றபடி. மாடிப்படி நாளொன்றுக்கு ஐந்து முறை. கொப்பிகள் எவ்வளவு பாரம் என்ற ஐயம் எழவே, ஒரு வகுப்பின் நாற்பது கொப்பிகளைக் கட்டிக் கூட்டுறவுக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தோம். ஐந்து கிலோவுக்குச் சற்று மேலாகக் காட்டிற்று. ‘மூட்டை தூக்காத’ வேலையில் ஒருவர் தினமும் இரண்டு மூன்று முறை தூக்கும் மூட்டை அது.

வைத்தியர் அத்தாளைப் படித்தார். “இதை முதலே கொண்டுவந்திருக்கலாமே, அம்மா. நீங்கள் என்ன வேலை செய்யிறியள் என்று எனக்குத் தெரியாமல் நான் எதை எழுதுறது?” என்றார். பின்னர் அவர் எழுதிக் கொடுத்த சான்றிதழின் சாரம் பின்வருமாறு:

‘இவரை இன்று பரிசோதித்தேன். சத்திரசிகிச்சை ஒன்றின் பின் தேறிவருகிறார். வரும் திங்கட்கிழமை முதல் ஆறு வாரங்களுக்குப் பின்வரும் வரையறைகளுடன் பணிபுரியத் தகுதியுடையவர். 5 கிலோவுக்கு மேற்பட்ட பாரத்தைத் தூக்குதல் ஆகாது. தொடர்ச்சியாக 20 நிமிடங்களுக்கு மேல் நிற்றல் ஆகாது; இருந்து கற்பிக்க வசதி வேண்டும். வகுப்புகள் கீழ்த்தளத்தில் அமைதல் வேண்டும். முதல் இரு வாரங்களுக்கு நாளொன்றுக்கு நான்கு பாடவேளைகளுக்கு மேற்படலாகாது. இவ்வரையறைகள் தற்காலிகமானவை, ஆறாம் வார முடிவில் மீண்டும் பரிசோதிக்கப்படும். இவ்வசதிகளை அளிக்க இயலாவிடின், அக்காலம் முழுவதும் இவர் பணிக்குத் தகுதியற்றவராகக் கொள்ளப்படல் வேண்டும். மேலதிக மருத்துவ விபரம் நோயாளரின் எழுத்துமூலச் சம்மதத்துடன் மட்டுமே வழங்கப்படும்.’

இதன் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு வேலை உண்டு. ‘தகுதியுடையவர்’ என்ற சொல் முன்னே நிற்பதால், இவர் வேலைக்கு உதவாதவர் என்ற பேச்சு எழ இடமில்லை. வரையறைகள் கிலோவிலும் நிமிடத்திலும் பாடவேளையிலும் கூறப்பட்டிருப்பதால், அட்டவணை தயாரிப்பவர் எதனையும் ஊகிக்க வேண்டியதில்லை. முடிவு நாள் குறிக்கப்பட்டிருப்பதால் தற்காலிகக் குறை நிரந்தர முத்திரையாக மாறாது. வசதி அளிக்க இயலாவிடின் என்ற வாக்கியம் மிக முக்கியமானது. அது இல்லையெனில், ‘வசதி இல்லை, வந்தபடி வேலை செய்’ என்று சொல்லி வரையறைகளைக் காற்றில் விட்டுவிட முடியும். ஐக்கிய இராச்சியத்தில் 2010ஆம் ஆண்டு ஏப்பிரலில் நடைமுறைக்கு வந்த சான்றிதழும் இக்கருத்தையே கொண்டது: சில மாற்றங்களுடன் வேலை செய்யலாம் என வைத்தியர் குறித்து, அம்மாற்றங்களை வேலை கொடுப்போர் செய்ய முடியாவிடின், அத்தொழிலாளி பணிக்குத் தகுதியற்றவராகவே கருதப்படுவார்.

நோயை மறைப்பது சலுகை கேட்பதாகும் எனச் சிலர் எண்ணலாம். அது சலுகையன்று. சர்வதேசத் தொழில் தாபனம் 1985இல் வெளியிட்ட, தொழில்சார் சுகாதார சேவைகள் பற்றிய 171ஆம் இலக்கப் பரிந்துரை இதனைத் தெளிவாகவே வகுத்தது. தொழிலில் உள்ள குறித்த ஆபத்துக்களுக்காக ஊழியரைப் பரிசோதிக்கும் வைத்தியர் வேலை கொடுப்போருக்கு அறிவிக்கும் முடிவில் மருத்துவத் தன்மையுள்ள தகவல் எதுவும் இருத்தல் ஆகாது; அவர் தகுதியானவரா என்பதையும், எவ்வகை வேலைகளும் வேலை நிலைமைகளும் அவருக்கு ஒவ்வாதவை என்பதையும் மட்டும் அது கூறலாம் என்பது அதன் கருத்து. ஜேர்மனியில் வேலை கொடுப்போருக்குச் செல்லும் நோய் அறிவித்தலில் நோயின் பெயர் இடம்பெறுவதில்லை. அது காப்புறுதி நிதியத்துக்கு மட்டுமே செல்கிறது. எமது நாட்டிலும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலம் பற்றிய தரவைச் சிறப்பு வகைத் தரவுகளுள் வைத்துள்ளது.

ஆயினும் இம்முறைக்கு எல்லைகள் உண்டு. சொல்லாது விடுதல் வேறு, பொய் சொல்லுதல் வேறு. சத்திரசிகிச்சைக்குப் பதிலாகக் காய்ச்சல் என எழுதுவிப்பது வைத்தியரின் பதிவுக்கும் ஊழியரின் வேலைக்கும் கேடு விளைக்கும். படிவத்தில் நோய்க்கென ஒரு கோடு இருப்பின், ‘சத்திரசிகிச்சையின் பின் தேறுநிலை’, ‘மருத்துவக் கண்காணிப்பில் உள்ளார்’ என உண்மையான, ஆனால் பொதுவான சொல்லை எழுதுமாறு வைத்தியரைக் கேட்கலாம். வேலையினால் விளைந்த காயத்துக்கு நட்டஈடு கோருவோர் நோயின் பெயரையும் காரணத்தையும் கூறியே ஆக வேண்டும். தொற்று நோயாயின், அறிவிக்கப்பட வேண்டிய நோய்களை வைத்தியர் சுகாதார வைத்திய அதிகாரிக்கு அறிவிப்பார், ஓய்வறைக்கு அன்று.

இன்னொரு பொறியும் உண்டு. சான்றிதழின் வாசகம் காத்த இரகசியத்தை அதன் தலைப்பும் முத்திரையும் வெளியிட்டுவிடும். மனநோய்ச் சிகிச்சைப் பிரிவின் முத்திரை குத்திய தாளில் ‘மருத்துவக் கண்காணிப்பு’ என எழுதுவதால் யாது பயன்? இத்தகைய இடத்தில், சிறப்பு வைத்தியரின் கடிதத்தைக் குடும்ப வைத்தியரிடம் கொடுத்து, அவரும் பரிசோதித்தபின் அவரது தாளிலே சான்றிதழ் பெறலாம். ‘மன உளைச்சல் தரும் வேலைகளைத் தவிர்க்க’ என்ற வரையறையும் நோயைச் சொல்லிவிடுகிறது, அளவையும் சொல்லவில்லை. ‘மாலை நேரக் கடமைகள் எட்டு வாரங்களுக்கு வேண்டாம், நாளொன்றுக்கு ஐந்து பாடவேளைகள்’ என்பது அதே தேவையை நிறைவேற்றும்.

சான்றிதழ் சரியாக அமைந்துள்ளதா என அறிய எம்மிடம் ஒரு சோதனை உண்டு. நோயாளரை அறியாத ஒருவரிடம் அதனைப் படிக்கக் கொடுக்க வேண்டும். நாளைய அட்டவணையை அவர் தயாரிக்க முடிந்தால், சொல்ல வேண்டியது சொல்லப்பட்டுள்ளது. நோய் யாது என அவர் ஊகித்துவிட்டால், வேண்டாததும் சொல்லப்பட்டுள்ளது.

புதிய சான்றிதழைப் பெற்ற அதிபர் மறுவாரமே வகுப்புகளைக் கீழ்த்தளத்துக்கு மாற்றினார். அளவு தெரிந்தபின் அவருக்கு அது பெருஞ்சிரமமாக இருக்கவில்லை. ஆறு வார முடிவில் அவ்வாசிரியை முழுநேரப் பணிக்குத் திரும்பினார். பழைய சான்றிதழை ஒட்டிய உறையில் இட்டு அவரது கோவையில் வைக்குமாறு கேட்டோம், அதிபர் இசைந்தார். ஆனால் ஓய்வறையில் பேசப்பட்டதை எந்த உறையிலும் இட முடியவில்லை. இன்றும் சிலர் அவரிடம் இரக்கக் குரலில் பேசுவதையும், அவர் அதனைக் கேளாதவர்போல் கொப்பி திருத்துவதையும் காண்கிறோம்.

எமது கிளையில் இப்பொழுது ஒரு வெற்றுத்தாள் மாதிரி உண்டு. எத்தனை பாடவேளை, எவ்வளவு நேரம் நிற்றல், எத்தனை படிகள், எவ்வளவு பாரம், பயணம் எவ்வாறு என ஐந்தே வரிகள். நோயுற்ற உறுப்பினர் அதனை நிரப்பி வைத்தியரிடம் கொண்டுசெல்கிறார். நோயின் பெயருக்கென அதில் இடம் விடப்படவில்லை.