54ஆ, 56ஆ?

பெருநாளுக்கு அபாயா ஒன்று வாங்கத் தாத்தா மாதக் கணக்கில் காசு சேர்த்திருந்தார். ஸ்பிரிங்வெளியில் இருந்துகொண்டு கொழும்புக் கடையில் போட்டுப் பார்க்க முடியாது. அளவு பிழைத்தால் திருப்பி அனுப்பும் செலவு எங்களுடையது. அதற்குள் பெருநாளும் போய்விடும். கடையிலிருந்து வாட்ஸ்அப்பில் வந்த அளவு அட்டவணையின் ஸ்கிரீன்ஷொட் மட்டுமே எங்களிடம் இருந்தது.

அதில் 54 என்ற அளவுக்கு நேரே Length 137, Bust 100 என்றிருந்தது. 56க்கு 142, 104. 137ஐ 2.54ஆல் வகுத்தேன், ஏறக்குறைய 54 வந்தது. அப்போதுதான் விளங்கியது: அட்டவணை சென்டிமீற்றரில் இருக்கிறது, 54 என்ற பெயரோ அங்குலத்தில் சொன்ன உடுப்பின் நீளம். அது ஆளின் பருமனைச் சொல்வதில்லை.

தாத்தாவின் மார்புச் சுற்று 37 அங்குலம், அதாவது 94 சென்டிமீற்றர். "100 இருக்கிறதே, 54 போதும்" என்றார் உம்மா. ஆனால் அந்த 100 உடம்பின் அளவா, உடுப்பின் அளவா? உடம்பின் அளவைத் தரும் அட்டவணைகளில் பெரும்பாலும் 92-96 என்பதுபோல வீச்சு இருக்கும். இதில் ஒற்றை எண்தான். பக்கத்தில் உடுப்பின் நீளமும் இருந்தது. உடுப்பின் அளவாகத்தான் இருக்க வேண்டும். என்றாலும் ஸ்கிரீன்ஷொட்டில் அடிக்குறிப்பு வெட்டுப்பட்டிருந்ததால் முழுப் படத்தையும் கேட்டு வாங்கினோம். உடுப்பைத் தட்டையாக விரித்து அளந்தது என்று கீழே எழுதியிருந்தது.

அப்படியானால் 54இல் உடம்புக்கு மேல் மிஞ்சுவது சுற்றிலும் 6 சென்டிமீற்றர்தான். எங்கள் ஊர்க் குளிருக்கு உள்ளே சுவெட்டர் போட்டால் அது இறுகிவிடும். எவ்வளவு தளர்வு வேண்டும் என்பதை யோசித்துச் சொல்ல முடியாது. ஆகவே தாத்தா சுவெட்டருக்கு மேல் வழக்கமாக உடுத்தும் பழைய அபாயாவைப் பாயில் விரித்தோம். ஒரு அக்குளிலிருந்து மறு அக்குள்வரை 52 சென்டிமீற்றர். இரட்டித்தால் 104. கழுத்தோரத் தோளிலிருந்து கீழ்விளிம்புவரை நீளம் 137.

நீளம் 54ஐச் சொன்னது. சுற்று 56ஐச் சொன்னது. இப்படி இரண்டும் முரண்படும்போது சுற்றளவின் பக்கம்தான் நிற்க வேண்டும். நீளம் கூடினால் மடித்துத் தைக்கலாம். சுற்றுக் குறைந்தால், தையலுக்குள் மேலதிகத் துணி விட்டிருந்தாலன்றி அகலமாக்க முடியாது. கடையில் விற்கும் உடுப்புகளில் அப்படி விடுவது குறைவு.

56ஐ வரவழைத்தோம். எங்கள் லயத்துப் படிக்கட்டில் விளிம்பு மிதிபடாமல் இருக்க உம்மா 5 சென்டிமீற்றரை உள்ளே மடித்துக் கையாலேயே தைத்தார். பெருநாள் காலையில் தாத்தா சுவெட்டருக்கு மேல் அதை உடுத்திக்கொண்டு கையைத் தூக்கிப் பார்த்தார். அக்குளில் எங்கும் இழுக்கவில்லை.