விரல் காட்டிக்கொடுத்த எழுத்துப் பிழை

சிலாபத்திலிருந்து புத்தளம் போகும் வீதியில் பத்துளுஓயாவில் கடல் பக்கமாகத் திரும்பினால் உடப்பு வரும். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு, நடுவே நெருக்கமான வீடுகளுடன் ஒரு மீனவக் கிராமம். ஆடி மாதத்தில் திரௌபதை அம்மன் கோயிலில் நடக்கும் தீமிதிப்பு ஊரின் பெரிய திருவிழா. அந்தத் திருவிழாவுக்கு முன் தங்கள் பாட்டுப் புத்தகத்தைப் பிரெய்லில் முடித்துவிட வேண்டும் என்று ஒரு சிறிய பஜனைக் குழு வேலை செய்துகொண்டிருந்தது. விழிப்புலன் அற்றவர்களும் பார்வை உள்ளவர்களும் சேர்ந்து பாடும் குழு அது. நான் போன நேரம் முதல் படி பிழைதிருத்தத்தில் இருந்தது.

பாட்டு முழுவதையும் அவர்கள் பிரெய்லில் எழுதவில்லை. கரைவலை இழுக்கும்போது பாடும் அம்பாவில் ஒருவர் எடுத்துக்கொடுக்க, மற்றவர்கள் வலையோடு சேர்த்துப் பதிலையும் இழுப்பார்கள். பஜனையும் இங்கே அந்த ஒழுங்கில்தான் நடக்கிறது. பின்பாட்டு எல்லோருக்கும் காதுவழியே மனப்பாடம். அடுத்த அடி என்ன, அடுத்த சரணம் எது என்ற கவலை எடுத்துப் பாடுபவருக்கு மட்டும்தான். குழுவில் பிரெய்ல் சரளமாக வாசிக்கத் தெரிந்தவர்கள் இருவரே. எனவே புத்தகத்தில் எடுத்துப் பாடுபவரின் அடிகள் மட்டும் இருக்கின்றன. புத்தகம் பாதியாக மெலிந்ததற்கு இதுதான் காரணம், இது சரியான முடிவும்கூட.

வாசிப்பவர் இருவரில் ஒருவர், சிறுவயதில் இரத்மலானைப் பாடசாலை விடுதியில் தங்கிப் படித்த ஓர் அக்கா. 1912இல் தொடங்கிய அந்தப் பாடசாலையில்தான் இலங்கையின் பல தலைமுறைகள் பிரெய்ல் கற்றன. பாடும்போது அக்காவின் இரண்டு கைகளும் தாளிலேயே இருக்கும். வலது சுட்டுவிரல் ஒரு வரியை முடிக்கும் நேரத்தில் இடது சுட்டுவிரல் அடுத்த வரியின் தொடக்கத்தைத் தேடிப் பிடித்திருக்கும். அதனால் அவரிடம் தாளம் கொடுக்க முடியாது. தாளம் பக்கத்தில் இருக்கும் அண்ணருக்கு.

பாரதி பிரெய்லில், அதாவது 1951இல் இந்தியாவில் ஏற்றுக்கொள்ளப்பட்ட முறையில், தமிழ் எழுதுவது எப்படி என்று அக்கா என் விரலைப் பிடித்துக் காட்டினார். ஒரு கட்டத்தில் ஆறு புள்ளிகள்: இடப்பக்கம் மேலிருந்து கீழாக 1, 2, 3; வலப்பக்கம் 4, 5, 6. மெய்யும் உயிரும் தனித்தனிக் கட்டங்கள். ‘தா’ என்றால் முதலில் ‘த’, அடுத்த கட்டத்தில் ‘ஆ’. கொம்பு முன்னால், கால் பின்னால் என்ற சுற்றிவளைப்பு கிடையாது. ஒலிக்கும் வரிசையிலேயே எழுத்து வரும். மெய்யெழுத்தின் புள்ளி மட்டும் முந்திக்கொள்கிறது. ‘ம்’ எழுத முதலில் 4ஆம் புள்ளி தனிக் கட்டமாக வரும், பிறகு ‘ம’.

இதனால் வரி நீளும். பழகுவதற்காக அவர்களே இட்டுக்கட்டி வைத்திருந்த ஒரு வரி: “கடலோரம் வீற்றிருக்கும் தாயே வருவாய்”. கண்ணுக்கு இது சின்ன வரி. பிரெய்லில் ‘கடலோரம்’ 7 கட்டம், ‘வீற்றிருக்கும்’ 14, ‘தாயே’ 4, ‘வருவாய்’ 7. இடைவெளி மூன்றையும் கூட்டினால் 35. ஏ4 தாளின் அகலத்தில் ஏறத்தாழ 30 கட்டம்தான் கொள்ளும். ‘வருவாய்’ கீழே இறங்கித்தான் ஆக வேண்டும். இறங்கிய சொல்லைப் புதிய அடி என்று விரல் எடுத்துக்கொண்டால் தாளம் தப்பிவிடும். ஆகவே புதிய அடி முதல் கட்டத்தில் தொடங்கும், முறிந்து இறங்கியது மூன்றாம் கட்டத்தில் தொடங்கும். வரியின் தலைப்பைத் தொட்ட உடனேயே மூச்சு எடுக்கலாமா, தொடர வேண்டுமா என்று தெரிந்துவிடுகிறது.

அச்சுப் புத்தகத்தில் இரண்டு தரம் பாட வேண்டிய அடியின் முடிவில் அடைப்புக்குள் 2 என்று போடுவார்கள். கண் அதை முன்கூட்டியே பார்த்துவிடும். விரல் அந்த எண்ணைத் தொடும்போது அடி பாடி முடிந்திருக்கும், பின்பாட்டுக்காரர் தொடங்கியிருப்பார்கள். அதனால் இந்தப் புத்தகத்தில் எண் அடியின் முன்னால் நிற்கிறது. எண்ணுக்கு அடையாளமாக முன்னால் வரும் கட்டமும் ‘ண’ எழுத்தும் ஒரே வடிவம்: 3, 4, 5, 6. குழப்பம் வராதா என்று கேட்டேன். “தமிழில எந்தச் சொல்லு தம்பி ண-வில தொடங்குது?” என்றார் அக்கா.

எனக்கு மிகவும் முக்கியமாகப் பட்ட விடயத்துக்கு இப்போது வருகிறேன்.

பாட்டுகள் இரண்டு வழியாகக் கணினிக்கு வந்திருந்தன. ஒரு பகுதி, முன்பு அச்சான பாட்டுப் புத்தகத்தின் கோப்பு. இலங்கையின் பல அச்சகக் கோப்புகளைப் போலவே அதுவும் பாமினி எழுத்துருவில் இருந்தது. பாமினியில் திரையில் ‘அம்மா’ என்று தெரிவது, உள்ளே `mk;kh` என்ற ஆங்கில எழுத்துகள்தான். அப்படியே பிரெய்ல் மென்பொருளுக்குக் கொடுத்தால் அது ஆங்கிலத்தைத்தான் புள்ளியாக்கும். எனவே முதலில் யூனிகோடுக்கு மாற்றினார்கள். மறுபகுதி, குழுவில் உள்ள ஒரு தங்கச்சி கைபேசியில் நேரடியாகத் தட்டச்சு செய்தது. இரண்டையும் சேர்த்துக் கொழும்புக்கு அனுப்பி, பிரெய்ல் அச்சுப்பொறியில் ஒரு படி எடுத்து வந்திருந்தார்கள்.

பிழைதிருத்தம் இருவர் வேலை. அக்கா விரலால் வாசித்துச் சொல்லச் சொல்ல, எதிரே ஒரு பையன் அச்சுப் பிரதியில் கண்ணை ஓட்டுகிறான். ஒரு பாட்டின் நடுவில் அக்காவின் விரல் நின்றது. மீண்டும் பின்னால் போய் வந்தது. “தி… ரெ… ள… பதை. இது ஆரு?”

பையன் தாளைப் பார்த்தான். “சரியாத்தானே இருக்கு அக்கா, திரௌபதை.”

இருவர் சொன்னதும் உண்மை. ‘ரௌ’ என்பதில் ஔகாரக் குறியின் பின்பகுதியும் ‘ள’ எழுத்தும் கண்ணுக்கு ஒன்று. கைபேசியில் ஔகாரத்தைத் தேடாமல் ‘ரெ’ போட்டு அடுத்து ‘ள’ போட்டால் திரையிலும் அச்சிலும் ஒரு வேறுபாடும் தெரியாது. மென்பொருள் உருவத்தைப் பார்ப்பதில்லை, உள்ளிருக்கும் எழுத்தைப் பார்க்கிறது. ஔ என்ற ஒரே கட்டத்துக்குப் பதிலாக எ, ள என்று இரண்டு கட்டம் வைத்துவிட்டது. 7 கட்டத்தில் முடிய வேண்டிய அம்மன் பெயர் 8 கட்டமாகிவிட்டது. ஊர் முழுக்கக் கும்பிடும் தெய்வத்தின் பெயர், ஊர்க்காரரின் விரலுக்கு அந்நியமாகிப் போனது.

பாமினியிலிருந்து வந்த பகுதியில் இதே நோய் தலைகீழாக இருந்தது. பாமினியில் ஔகாரத்தின் பின்பகுதிக்கும் ‘ள’வுக்கும் ஒரே விசைதான். ‘வெளி’ என்பது உள்ளே `ntsp`. யூனிகோடுக்கு மாற்றும் மென்பொருள் முதல் மூன்றையும் சேர்த்து ‘வௌ’ என்று எடுத்துக்கொண்டு, மிஞ்சிய விசிறியை அதன்மேல் ஒட்டிவிடுகிறது. வெளிச்சம், தெளிவு எல்லாம் இப்படிக் கெட்டுவிடும். நம் நாட்டுச் செய்தித்தளங்களில் ‘வெளிநாடு’ என்ற சொல் கோணலாகத் தெரிவதைப் பலர் பார்த்திருப்பீர்கள், காரணம் இதுதான். கண்ணால் படிப்பவர் அதைத் தாண்டிப் போய்விடுவார். விரலுக்கோ ‘வௌ’, அதன் பின் ஒட்டாத ஓர் ‘இ’ என்று வரும். பாடிக்கொண்டிருப்பவரை அது நடுவழியில் நிறுத்திவிடும்.

கையாலேயே திருத்தப் பார்த்தார்கள். எ என்பது 2, 6. ஔ என்பது 2, 4, 6. ஆகவே ‘எ’ மேல் 4ஆம் புள்ளியை ஊசியால் குத்தினால் ‘ஔ’ கிடைத்துவிடும். அடுத்து வரும் ‘ள’வை என்ன செய்வது? நகத்தால் தேய்த்துப் புள்ளிகளை அமுக்கினால் அந்த இடம் வெறும் கட்டமாகும். வெறும் கட்டம் என்றால் இடைவெளி. சொல் ‘திரௌ’, ‘பதை’ என்று இரண்டாக உடையும். போதாததற்குத் தேய்த்த இடத்தில் சொரசொரப்பு மிஞ்சும். ஆறு புள்ளியையும் நிரப்பி அடித்துவிட்டதாகக் காட்டலாம், ஆனால் பாட்டுக்கு நடுவே அதுவும் ஒரு தடைக்கல். அந்தப் பக்கங்களைக் கிழித்துப் போட்டுவிட்டுக் கோப்பைத் திருத்த உட்கார்ந்தார்கள்.

அவர்கள் கண்டுபிடித்த வழி எளிமையானது. ஔகாரக் குறிக்குப் பின்னால் இன்னொரு உயிர்க்குறியோ புள்ளியோ ஒட்டியிருந்தால் அது நிச்சயம் பிழை. அங்கே இருக்க வேண்டியது எகரக் கொம்பும் ‘ள’வும். மறுபுறம், எகரக் கொம்பு ஏறிய எழுத்துக்குப் பின்னால் வெறும் ‘ள’ வந்தால், அதாவது ளி, ளு, ள் என்று எதுவும் இல்லாமல் தனி ‘ள’ நின்றால், அது பெரும்பாலும் ஔகாரம்தான். கௌரி, மௌனம், பௌர்ணமி, சௌபாக்கியம் என்று பக்திப் பாட்டில் வரும் சொற்கள் எல்லாமே இதில் அகப்படும். ‘ஒ’வுக்குப் பின் தனி ‘ள’ வந்தாலும் இதே கதை. ஔவையார் பெயர் அப்படித்தான் கெடுகிறது. முதல் வகையைத் தேடி மாற்றும் வசதியால் ஒரேயடியாகத் திருத்தலாம். இரண்டாம் வகையை ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் மாற்ற வேண்டும்.

குழுவில் கரைவலை இழுத்து முதிர்ந்த ஒரு மாமா இருக்கிறார். பார்வை பிந்தித்தான் போனது. இப்போது பிரெய்ல் பழகுகிறார். கயிறு உரசிக் காய்த்துப்போன விரலுக்குப் புள்ளிகள் ஒன்றோடொன்று கலந்து தெரிகின்றன. அவருக்காகச் சில பாட்டுகளை மட்டும் வரிக்கு வரி ஒரு வெற்று வரி விட்டு, தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் அடித்துத் தனிப்படியாக வைத்திருக்கிறார்கள். அதில் ஒரு பாட்டு ஒரு தாளுக்கு மேல் போகாது.

கடற்கரை ஊரில் இந்தப் புத்தகத்தைக் காப்பதும் ஒரு வேலைதான். உப்புக்காற்றின் ஈரத்தில் தாள் தளரும், தளர்ந்த தாளில் புள்ளி அமுங்கும். சாதாரணத் தாளின் இரு மடங்கு தடிப்புள்ள தாளில் அடிக்கிறார்கள். மடியில் விரித்தால் தட்டையாகக் கிடக்கும்படி சுருள்கம்பி போட்டுக் கட்டுகிறார்கள். ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்காமல் நிமிர்த்தி வைக்கிறார்கள். விளக்கெண்ணெயும் விபூதியும் பட்ட கையோடு யாரும் தொடக் கூடாது என்பது அக்காவின் கட்டளை.

லூயி பிரெய்ல் தேவாலயத்தில் ஓர்கன் வாசித்தவர். 1829இல் தம் புள்ளி முறையை விளக்கி அவர் வெளியிட்ட நூலின் தலைப்பிலேயே சொற்களோடு இசையும் தேவாலயப் பாட்டும் இருக்கின்றன. இந்த எழுத்து பிறந்ததே பாடுகிறவர்களையும் மனதில் வைத்துத்தான்.

கோயிலுக்கும் தேவாலயத்துக்கும் பாட்டுப் புத்தகம் அச்சடித்துக் கொடுப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். பாமினிக் கோப்போடு நிறுத்திவிடாமல், யூனிகோடில் ஒரு பிரதியையும் திருத்திக் கொடுங்கள். கைபேசியில் தட்டச்சு செய்பவர்கள் ஔகாரத்துக்கு ‘ள’வை ஒட்டாமல் உரிய குறியையே போடுங்கள். திரௌபதை என்று எழுதிய பின் கடைசியிலிருந்து அழித்துக்கொண்டே வந்து பாருங்கள். ‘ள’ போல இருப்பது மட்டும் தனியாக அழிந்து, கொம்பு மிஞ்சி நின்றால், அந்தச் சொல் பிழை.