படத்தில் இருக்கிற செட் காருக்குள் உட்காருமா?

கண்டியில் நம்ம கூட்டத்தில் யாராவது கார் வாங்கினால் எஞ்சின் படம் வருவதற்கு முன்னால் செட்டின் படம் வாட்ஸ்அப்பில் வந்துவிடும். காரணம் இருக்கிறது. இங்கே ஓடுகிற விட்ஸ், ஆக்சியோ, வேகன் ஆர் எல்லாம் பெரும்பாலும் ஜப்பானில் ஓடி முடித்து வந்தவை. அவற்றின் செட்டும் ஜப்பானுக்காகவே செய்தது. எழுத்து ஜப்பான் மொழியில் இருக்கும். அங்கே எஃப்.எம். 76 முதல் 90 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும்தான் (பிந்திய செட்டுகளில் 95 வரை), நமக்கோ 87.5 முதல் 108 வரை. சூரியனும் சக்தியும் அந்த செட்டுக்கு எட்டாத உயரத்தில் இருக்கும். அதனால் செட் மாற்றுவது இங்கே ஆடம்பரம் இல்லை, கார் வாங்கிய மறுவாரத்து வேலை.

போன மாதம் கம்பளையில் இருக்கிற மாமா ஒரு படம் அனுப்பினார். அவருடையது ஆக்சியோ, 141 என்று எல்லாரும் சொல்கிற மாடல். ஹயர் ஓடுகிறார். பழைய செட் செத்துப்போய் மாதங்களாகிறது. கொழும்பில் ஒரு கடையில் பழைய செட் ஒன்று கிடைக்குதாம், "டூ டின், எல்லாக் காருக்கும் சரி" என்று கடைக்காரர் எழுதியிருந்தார். சாயங்காலத்துக்குள் முற்பணம் போடணும், போட்டால் திருப்பித் தரமாட்டார்களாம். மாமா கேட்டது ஒரே கேள்விதான்: "தம்பிமாரே, இது நம்ம காருல ஒக்காருமா?"

முதலில் நாங்கள் பார்த்தது பெயரை இல்லை, வடிவத்தை. டூ டின் என்று பொதுவாகச் சொல்லப்படும் செட்டின் முகம் 178 மில்லிமீற்றர் அகலம், 100 உயரம். டொயோட்டா தன் ஜப்பான் கார்களுக்கு அதைவிட அகலமான ஒன்றை வைத்திருக்கிறது: உயரம் அதே 100, அகலம் 200. ஆக்சியோவின் ஓட்டை இந்த 200. எனவே படத்தில் அகலத்தை உயரத்தால் வகுத்தால் போதும், ஸ்கேல் தேவையில்லை. 1.78 வந்தால் சாதாரண டூ டின். 2 வந்தால் டொயோட்டா அகலம். 3.5 அளவில் வந்தால் ஒற்றை டின், அதாவது பாதி உயரம்.

கடைக்காரரின் படத்தை ஃபோனில் பெரிதாக்கி அளந்தால் 1.88 வந்தது. இதுவும் இல்லை, அதுவும் இல்லை!

இந்த இடத்தில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். படம் நேருக்கு நேர் எடுக்கப்படவில்லை. பக்கவாட்டில் நின்று எடுத்தால் அகலம் சுருங்கித் தெரியும், உயரம் அப்படியே இருக்கும். 20 பாகை சாய்ந்தால் 200 மில்லிமீற்றர் செட் 188 மாதிரிக் காட்டும். 27 பாகை சாய்ந்தால் கணக்கு 1.78க்கு வந்துவிடும், அசல் டூ டின் என்று நீங்கள் சத்தியம் பண்ணுவீர்கள். டிரைவர் சீட்டில் உட்கார்ந்தபடி கையை நீட்டி எடுத்த படமெல்லாம் கிட்டத்தட்ட இந்தச் சாய்வுதான். மேலிருந்து எடுத்தால் நேர்மாறு: உயரம் சுருங்கும், சாதாரண செட் அகலமானதாகத் தெரியும். ஆகவே கடைக்காரரிடம், செட்டை மேசையில் படுக்கவைத்து நேர் மேலே இருந்து ஒரு படம், முகத்தின் மேல் ஒரு பேங்க் கார்டை வைத்து, என்று கேட்டோம். எந்த பேங்க் கார்டும் 85.6 மில்லிமீற்றர் நீளம். (நம்பர் தெரியாமல் கவிழ்த்து வையுங்கள் என்றும் சொன்னோம், மனுஷன் சிரித்துவிட்டார்.) வந்த படத்தில் செட் அந்தக் கார்டைவிட 2.3 மடங்கு அகலம். ஆக, 200க்குப் பக்கம். டொயோட்டா அகலமேதான்.

வேகன் ஆர் வைத்திருக்கிறவர்கள் இங்கே கவனிக்கணும். 178 செட்டை 200 ஓட்டையில் வைக்கலாம், இரண்டு பக்கமும் 11 மில்லிமீற்றர் ஸ்பேசர் போட்டால் முடிந்தது. 200 செட்டை 178க்கான ஓட்டையில் வைக்க டாஷ்போர்டை வெட்டத்தான் வேணும். "எல்லாக் காருக்கும் சரி" என்பது அந்த இடத்திலேயே பொய்யாகிவிட்டது. ஆனால் மாமாவின் காருக்குச் சரி.

அடுத்தது பெயர். முகத்தின் ஓரத்தில் பொடி எழுத்தில் NSZT-W62G என்று இருந்தது. டொயோட்டாவின் நேவிகேஷன் செட் பெயர்களில் நடுவில் வருகிற W அகலமானது என்பதற்கு. 62 என்றால் 2012ஆம் ஆண்டின் வரிசை, அதேபோல் 57 என்றால் 2007. முதுகில் இருக்கிற ஸ்டிக்கரையும் எடுத்து அனுப்பச் சொன்னோம். 08545 என்று தொடங்கினால் டொயோட்டா டீலர் போட்டுக்கொடுத்த செட், 86120 என்றால் ஃபெக்டரியிலேயே வந்த ரேடியோ. இது 08545. பின்பக்கத்தில் பத்து பின், ஆறு பின் சொக்கட் இரண்டும் இருந்தன. பவரும் முன் ஸ்பீக்கரும் பத்தில், பின் ஸ்பீக்கர் ஆறில். மாமாவின் காரில் இருந்து தொங்குகிற வயரும் அதே இரண்டுதான்.

உட்காரும், வயர் பொருந்தும். மாமா பணம் போடத் தயாராகிவிட்டார். "அதான் எல்லாம் சரியா இருக்கே, இன்னும் என்னத்துக்கு?" என்று கொஞ்சம் கோபமாகவே கேட்டார்.

நாங்கள் இன்னும் ஒரே ஒரு படம் கேட்டோம்: பவர் கொடுத்து, திரை எரிகிறபோது. கடைக்காரர் அதற்கு இரண்டு மணி நேரம் எடுத்தார். வந்த படத்தில் வரைபடமும் இல்லை, ரேடியோவும் இல்லை. ஜப்பான் எழுத்தில் ஒரு அறிவிப்பு, நடுவில் SD என்ற இரண்டு எழுத்து மட்டும் நமக்குப் புரிந்தது. இந்த வகை செட் தன்னுடைய மேப் எஸ்.டி. கார்ட் உள்ளே இல்லாவிட்டால் இந்தத் திரையைத் தாண்டாது. அந்தக் கார்ட் எங்கேயோ தொலைந்து, செட் மட்டும் கடைக்கு வந்திருக்கிறது. கார்ட் தேடிப் பிடித்தாலும் பழைய சொந்தக்காரர் பூட்டு போட்டிருந்தால், பெற்றரி கழன்ற செட் திறப்பதற்கு ஒரு கோட் கேட்கும். அதையும் தாண்டினால் எஃப்.எம். 90உடன் நிற்கும். அதற்கு பேண்ட் எக்ஸ்பேண்டர் என்ற சின்னப் பெட்டியை ஏரியல் வயரில் போடலாம்தான். 18 மெகாஹெர்ட்ஸ் கீழே இறக்குகிற பெட்டி என்றால் 103இல் வருகிற நிலையம் திரையில் 85 என்று காட்டும். ஆனால் நமக்குரிய 20 மெகாஹெர்ட்ஸையும் அந்தப் பதினாலுக்குள் அடக்க முடியாது, சில நிலையம் வெளியேதான் நிற்கும்.

மாமாவிடம் சொன்னபோது கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "ஒக்காருமா எண்டுதானே கேட்டேன், பேசுமா எண்டு கேக்கல்லையே" என்றார்.

முற்பணம் போடவில்லை. மாமா கடைசியில் வாங்கியது 178 அகலத்தில் ஒரு சாதாரண புது செட், 87.5 முதல் 108 வரை எடுக்கும். 9 இஞ்சி பெரிய திரையும் கண்ணில் பட்டது, ஆனால் அதற்கு 141க்கென்றே செய்த ஃப்ரேம் வேணும், பிந்திய 165 ஆக்சியோவின் ஃப்ரேம் இதில் உட்காராது. செட்டோடு டொயோட்டா பத்து-ஆறு பின் மாற்று வயரும் ஒரு சோடி ஸ்பேசரும் வாங்கச் சொன்னோம். கழற்றுவது சுலபம்: சுற்றியுள்ள பெனல் கிளிப்பில்தான் நிற்கிறது, உள்ளே நாலு போல்ட், 10ஆம் நம்பர் சாவி. பழைய செட்டின் பக்கத் தகடுகளைக் கழற்றிப் புது செட்டில் பூட்டினோம், ஸ்பேசரை இரண்டு பக்கமும் வைத்தோம், கண்டி மழைக்குள்ளேயே ஒரு மணி நேரத்தில் முடிந்தது.

இடது ஸ்பேசர் மட்டும் ஒரு மயிரிழை உள்ளே போயிருக்கிறது. அந்த இடுக்கில் மாமா பார்க்கிங் டிக்கெட்டைச் செருகி வைக்கிறார்.