முப்பது விநாடி

எங்கள் ஃப்ளோருக்குள் பேனா கொண்டுபோகக் கூடாது. பேப்பரும் கூடாது. மொபைல் வெளியே லாக்கரில். ஒரு வங்கிக்காக நடந்த தமிழ் ப்ராசஸ் அது; கஸ்டமரின் கார்டு நம்பரை யாரும் எழுதி எடுத்துக்கொண்டு போய்விடக் கூடாது என்று வைத்த விதி. நியாயம்தான். ஆனால் அதனால் ஒரு அழைப்பில் நான் கேட்டதெல்லாம் இரண்டே இடங்களில்தான் இருக்க முடியும். ஒன்று ஸ்க்ரீன், இன்னொன்று என் மண்டை. மண்டையில் இருப்பதை ஸ்க்ரீனுக்கு மாற்ற எங்களுக்குக் கொடுத்திருந்த நேரம் 30 விநாடி.

அதற்கு ஆஃப்டர் கால் வொர்க் என்று பெயர். ஃப்ளோரில் ஏசிடபிள்யூ என்போம், சிலர் ராப் என்பார்கள். கஸ்டமர் லைனை வைத்ததும் ஸ்க்ரீன் ஓரத்தில் கடிகாரம் ஓட ஆரம்பிக்கும். அதற்குள் டிஸ்போசிஷன் போட்டாக வேண்டும். அதாவது இந்த அழைப்பு எதைப் பற்றியது, எப்படி முடிந்தது என்று மூன்று அடுக்கு பட்டியலில் தேர்ந்தெடுத்து, கீழே ரிமார்க்ஸ் எழுத வேண்டும். புகார் என்றால் எஸ்ஆர் என்று தனியாக ஒரு ஃபார்ம் திறந்து நிரப்ப வேண்டும். 30 விநாடி முடிந்ததும், நீங்கள் முடித்தீர்களோ இல்லையோ, சிஸ்டம் உங்களை Available ஆக்கிவிடும். காதில் ஒரு பீப். அடுத்தவர் "ஹலோ" என்பார்.

ஏன் இவ்வளவு இறுக்கம்? ஒரு ஏஜென்ட்டை அளப்பது ஏஎச்டி என்கிற சராசரி நேரத்தால். பேசிய நேரம், ஹோல்டில் போட்ட நேரம், ஏசிடபிள்யூ மூன்றும் சேர்ந்தது அது. எங்கள் டார்கெட் 300 விநாடி. இதில் பேச்சைக் குறைப்பது கஷ்டம், எதிரில் ஒரு மனிதர் இருக்கிறார். ஏசிடபிள்யூவில் எதிரில் யாரும் இல்லை. அதனால் கத்தி முதலில் அங்கேதான் விழும். ஒரு அழைப்புக்கு 15 விநாடி குறைத்தால், நாளைக்கு 90 அழைப்பு எடுக்கிற ஒருவரிடமிருந்து இருபத்திரண்டரை நிமிடம் கிடைக்கும். 100 பேர் இருக்கிற ஃப்ளோரில் அது தினமும் 37 மணி நேரத்துக்கு மேல். நான்கைந்து பேர் சம்பளம் மிச்சம். மேலே உட்கார்ந்து பார்த்தால் அந்தக் கணக்கில் தப்பே தெரியாது.

மாசத்தின் முதல் வாரம். சம்பளம், பென்ஷன் எல்லாம் விழுந்திருக்கும், போர்டில் வெயிட்டிங் எண்ணிக்கை சிவப்பில் எரிந்துகொண்டிருக்கும். அப்போதுதான் அந்த அம்மா லைனில் வந்தார்கள். குரலை வைத்து அறுபது தாண்டியிருக்கும் என்று நினைத்தேன்.

"தம்பி, மிஷின்ல காசு வரல. ஆனா பத்தாயிரம் எடுத்ததா மெசேஜ் வந்திருக்கு."

"எப்போம்மா எடுத்தீங்க?"

"ஒண்ணாந்தேதி. அஞ்சு நாள் பாரும்மான்னு பக்கத்து வீட்டுப் புள்ள சொல்லுச்சு. பாத்துட்டேன். வரல."

பக்கத்து வீட்டுப் பிள்ளை சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. ஏடிஎம்மில் பணம் வராமல் கணக்கில் கழிந்துவிட்டால், பரிவர்த்தனை நடந்த நாளுக்குப் பிறகு ஐந்து நாளுக்குள் வங்கியே திருப்பிப் போட வேண்டும், அதற்குமேல் தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2019ல் உத்தரவு போட்டிருக்கிறது. கஸ்டமர் புகார் செய்ய வேண்டும் என்றுகூட இல்லை. பெரும்பாலும் கணக்கு நேராகித் தானாகவே திரும்பிவிடும். திரும்பாதபோது யாராவது எஸ்ஆர் போட்டால்தான் அந்தப் பணத்தைத் தேடவே ஆரம்பிப்பார்கள். இந்த அம்மா பணம் எடுக்கப் போனது வேறு வங்கியின் ஏடிஎம்மில்.

எஸ்ஆர் ஃபார்மில் தேதி, தொகை, எந்த வங்கி மிஷின், எந்த இடம், கார்டின் கடைசி நான்கு எண் எல்லாம் கேட்கும். ஒன்றரை நிமிடம் ஆகும். அழைப்பில் இருக்கும்போதே நிரப்பலாமே என்று நீங்கள் கேட்கலாம். நிரப்பலாம்தான். ஆனால் டைப் அடிக்கும்போது பேச்சு நிற்கும். பத்து விநாடிக்கு மேல் மௌனமாக இருந்தால் குவாலிட்டிக்காரர்கள் 'டெட் ஏர்' என்று மார்க் குறைப்பார்கள். ஹோல்டில் போட்டால் அதற்கும் கணக்கு. அதனால் எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன்.

"கம்ப்ளைன்ட் போட்டுடறேம்மா. நம்பர் எஸ்எம்எஸ்ல வந்துடும்."

"நீ சொன்னா சரி தம்பி."

வைத்துவிட்டார்கள். கடிகாரம் ஓடியது. தேதி, தொகை அடித்து, வங்கியின் பெயரைப் பட்டியலில் தேடிக்கொண்டிருந்தேன். பீப். அடுத்த கஸ்டமரின் விவரம் ஸ்க்ரீன் முழுக்க மேலே வந்து விழுந்தது. பாதி நிரப்பிய ஃபார்ம் போயே போய்விட்டது. ஏஜென்ட் எதுவும் சேமிக்காத அழைப்புக்கு சிஸ்டம் தானாக ஒன்றைப் போட்டுக்கொள்ளும். அது போட்டது: `Enquiry > ATM > Info Given`. விசாரணை, தகவல் சொல்லப்பட்டது, முடிந்தது.

வந்தவர் கார்டு பிளாக் ஆகிக் கடையில் நிற்கிற மனிதர். பதினோரு நிமிடம் கத்தினார். அவர் முடிக்கும்போது என் மண்டையில் அந்த அம்மாவின் குரல் இருந்தது, கார்டு எண் இல்லை. லைனில் ஆள் இல்லாமல் ஒருவர் கணக்கைத் திறந்து பார்ப்பதும் குற்றம், வேலை போகும். டீம் லீடரிடம் போய்ச் சொல்லியிருக்கலாம், அவரால் தேடி எடுக்க முடியும். சொல்லவில்லை. அந்த மாசம் ஏற்கனவே இரண்டு எரர் வாங்கியிருந்தேன். பணம் தானாகத் திரும்பிவிடும் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

பதினேழாம் தேதி அவர்கள் மறுபடி கூப்பிட்டிருக்கிறார்கள். எடுத்தது வேறொரு பெண். பழைய விவரத்தைப் பார்த்திருக்கிறாள். புகார் எதுவும் இல்லை, தகவல் சொல்லி முடிந்தது என்றிருக்கிறது. "நீங்க கம்ப்ளைன்ட் குடுக்கவே இல்லையேம்மா" என்று சொல்லிவிட்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது, நானாக இருந்தாலும் ஸ்க்ரீனைத்தான் நம்பியிருப்பேன். அந்த அம்மா விடவில்லை. "ஒரு தம்பி போடறேன்னு சொன்னுச்சு" என்று திரும்பத் திரும்பச் சொல்லி, மேலதிகாரியிடம் லைனை மாற்றச் சொல்லிவிட்டார்கள்.

அப்புறம்தான் ரெக்கார்டிங்கை எடுத்தார்கள். டீம் லீடர் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துப் போட்டுக் காட்டினார். என் குரல் ரொம்பக் கனிவாக இருந்தது, அதுதான் கேட்க முடியவில்லை. அந்த அழைப்புக்கு எனக்குப் பூஜ்யம். காரணம் என்று எழுதியது: தவறான டேகிங். பொய்யான வாக்குறுதி என்று எழுதியிருந்தால்கூட ஒப்புக்கொண்டிருப்பேன்.

"எஸ்ஆர் போட்டாச்சா சார்?"

"போட்டாச்சு. நீ உன் கால பாரு."

பணம் வந்ததா, அந்த நூறு ரூபாய்க் கணக்கையும் சேர்த்துப் போட்டார்களா என்று பார்க்க எனக்கு வழியில்லை.

இதற்குப் பிறகு ஃப்ளோரில் மற்றவர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று கவனிக்க ஆரம்பித்தேன். சிலர் வேலை முடிந்த பிறகும் "வேற ஏதாவது உதவி வேணுமா சார்?" என்று இரண்டு தடவை கேட்பார்கள், அதற்குள் விரல் ஓடிக்கொண்டிருக்கும். சிலர் எதற்கும் Others போடுவார்கள். ஒரு மாசம் Others அதிகமாகிவிட்டது என்று மீட்டிங்கில் திட்டு விழுந்தது. அடுத்த மாசம் பட்டியலின் முதல் வரியில் இருந்த Balance Enquiry அதிகமானது. பேலன்ஸ் கேட்கிறவர்கள் கூடிவிட்டார்கள் என்று மேலே யாரோ ஒரு ஸ்லைடு செய்திருப்பார்கள்.

நான் எஸ்ஆரை லைனில் வைத்தே போடக் கற்றுக்கொண்டேன். மௌனம் வராமல் இருக்க ஏதாவது கேட்பேன். "ஊர்ல மழையாம்மா?" "இல்லப்பா, சுத்தமா இல்ல, கிணறெல்லாம் வத்திக் கிடக்கு..." அவர்கள் சொல்லி முடிப்பதற்குள் ஃபார்ம் முடிந்திருக்கும், நம்பரை வாயாலேயே படித்து, திருப்பிச் சொல்லச் சொல்வேன். பேச்சு நேரம் ஏறியது, ஏசிடபிள்யூ எட்டு விநாடிக்கு இறங்கியது. அந்த மாசக் குவாலிட்டி ஷீட்டில் என் பெயருக்கு நேரே ஒரு குறிப்பு இருந்தது: அழைப்புக்குத் தொடர்பில்லாத உரையாடல், இரண்டு மார்க் கழிவு.