நிதானமாக எடுத்த பதினெட்டாயிரம் ரசீதுகள்

எங்கள் குடியிருப்பில் 212 வீடுகள். 2017 முதல் மாதப் பராமரிப்புக் கட்டணம், கார்பஸ் ஃபண்ட், தண்ணீர் லாரிக் கணக்கு எல்லாமே ஒரு தனியார் கம்பெனியின் செயலியில்தான் ஏறிக்கொண்டிருந்தன. வாசலில் செக்யூரிட்டி வைத்திருக்கும் இரண்டு டேப்லெட்களும் அதே கம்பெனியுடையவைதான். போன வருஷம் மார்ச் 31-ஆம் தேதியோடு ஒப்பந்தம் முடிந்தது. புதுப்பிப்பதில்லை என்று பொதுக்குழுவில் தீர்மானம்.

பழைய ரசீதுகளை எப்படி எடுப்பது என்பதுதான் கேள்வி. திரையில் ஒரு நேரத்தில் ஒரு மாதக் கணக்குதான் தெரியும். செயலாளர் என் வீட்டுக்கு வந்து, "சார், மூணாவது மாடி அம்மா வீட்டை விக்கப் போறாங்க. அவங்க வீட்டுக்காரர் கார்பஸ் ஃபண்ட் கட்டினதுக்கு ஆதாரம் கேக்குறாங்க. காகித ரசீது அவங்ககிட்ட இல்ல. கம்பெனி கதவைச் சாத்திட்டா நாம என்ன பதில் சொல்றது?" என்றார். வங்கியின் கம்ப்யூட்டர் பிரிவில் இருபது வருஷம் இருந்தவன் என்பதால் என்னிடம் வந்தார்.

கம்பெனி ஒரு ஏபிஐ கொடுத்திருந்தது. அதாவது, திரையைத் திறக்காமல் நம் புரோகிராமே அவர்கள் சர்வரிடம் நேராகக் கேட்டு விவரம் வாங்கிக்கொள்ளும் வழி. மொத்த ரசீதுகள் 18,412 என்று முதல் பதிலிலேயே சொல்லிவிட்டது. ஆனால் ஒரு தடவைக்கு ஒரு பக்கம், ஒரு பக்கத்துக்கு 100 ரசீது. ஆக 185 பக்கங்கள், 185 கேள்விகள். நிமிடத்துக்கு 60 கேள்விகள்தான் கேட்கலாம் என்று விதிமுறையில் எழுதியிருந்தது.

மூன்று நிமிடத்தில் முடிக்கிற வேலை என்று தோன்றும். அங்கேதான் ஒரு விஷயம் இருக்கிறது. அந்த 60 எனக்கு மட்டும் உரியதல்ல, எங்கள் சங்கத்துக்கே சேர்த்து 60. வாசலில் ஒரு கூரியர் பையன் வந்தால் டேப்லெட் அந்த 60-லிருந்துதான் ஒன்றை எடுக்கும். நான் முழு வேகத்தில் இழுத்தால் வாசல் டேப்லெட் நின்றுபோகும், செக்யூரிட்டி நோட்டுப் புத்தகத்தைத் தேட வேண்டியதுதான். அதனால் மூன்று விநாடிக்கு ஒரு கேள்வி என்று வைத்தேன். நிமிடத்துக்கு 20, 185 பக்கங்களுக்கு ஒன்பதேகால் நிமிடம். வாசலில் நடமாட்டம் குறைந்த பிறகு, இரவு ஒன்பதரைக்கு ஓடவிட்டேன்.

அப்படியும் நடுவில் சர்வர் மறுக்கும். மறுப்பிலும் வகை உண்டு. 429 என்று எண் வந்தால் "அளவுக்கு மேல் கேட்கிறீர்கள்" என்று பொருள். பெரும்பாலும் அதோடு `Retry-After: 41` என்பது போல ஒரு வரியும் வரும். 41 விநாடி கழித்து வா என்று அவர்களே சொல்லிவிடுகிறார்கள். அதை அப்படியே கேட்பதுதான் மரியாதை. 503 போன்ற எண் வந்தால் சர்வரே திணறுகிறது என்று அர்த்தம். நேரம் குறிப்பிடாவிட்டால் முதலில் ஒரு விநாடி, பிறகு 2, 4, 8 என்று இரட்டித்துக்கொண்டே காத்திருக்க வேண்டும். 401 அல்லது 404 வந்தால் மறுபடி கேட்பதில் பயனே இல்லை. சாவி தப்பு, அல்லது விலாசம் தப்பு. எத்தனை தடவை தட்டினாலும் அதே பதில்தான்.

இவ்வளவையும் புரோகிராமில் சில வரிகளில் எழுதிவிடலாம்:

```python
for n in range(6):
    r = requests.get(URL, params=p, headers=H, timeout=30)
    if r.status_code not in (429, 500, 502, 503, 504):
        break
    wait = int(r.headers.get("Retry-After", 2 ** n))
    time.sleep(wait + random.random())
r.raise_for_status()
```

கடைசியில் இருக்கும் `random.random()` ஒரு விநாடிக்குள் ஏதோ ஒரு சிறு தாமதத்தைச் சேர்க்கிறது. என் புரோகிராமும் இரண்டு டேப்லெட்களும் ஒரே நேரத்தில் மறுக்கப்பட்டு, மூன்றும் சரியாக 41-ஆவது விநாடியில் திரும்பி வந்தால் மறுபடி மோதிக்கொள்ளும். இந்தச் சிறு தாமதம் அவற்றைப் பிரித்துவிடும். ஆறு தடவைக்குள் பதில் வராவிட்டால் புரோகிராம் நின்றுவிடும். வந்த ஒவ்வொரு பக்கத்தையும் உடனுக்குடன் கோப்பில் சேமித்துவிடுவதால், மறுநாள் விட்ட பக்கத்திலிருந்து தொடரலாம். இந்த மறுமுயற்சியெல்லாம் படிப்பதற்கு மட்டும்தான். பணம் கட்டும் கோரிக்கையைக் கண்ணை மூடிக்கொண்டு இரண்டாம் தடவை அனுப்பினால் ஒரே கட்டணம் இரண்டு தடவை பதிவாகிவிடலாம்.

185 பக்கங்களும் வந்தன. பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஆனது. மூன்றாவது மாடி அம்மாவின் கார்பஸ் ரசீதும் அதில் இருந்தது. எண்ணிப் பார்த்தேன்: வெவ்வேறு ரசீது எண்கள் 18,411. சர்வரிடம் மறுபடி மொத்தம் கேட்டேன். அதுவும் 18,411 என்றது. சரியாகப் பொருந்துகிறது.

ஆனால் தொடங்கும்போது 18,412 அல்லவா? வங்கிப் பழக்கத்தில் எதையும் இரண்டு தடவை எடுத்து ஒப்பிடுவேன். மறுநாள் இரண்டாம் தடவை இழுத்து, இரண்டு பட்டியல்களின் ரசீது எண்களையும் அருகருகே வைத்தேன். முதலாவதில் உள்ள ஒன்று இரண்டாவதில் இல்லை. இரண்டாவதில் உள்ள ஒன்று முதலாவதில் இல்லை. எண்ணிக்கை ஒன்றுதான், ஆட்கள்தான் வேறு.

நடந்தது இதுதான். பட்டியல் புதியது முதலில் என்ற வரிசையில் வருகிறது. நான் 40-ஆம் பக்கத்தை முடித்த சமயத்தில் பொருளாளர் தன் வீட்டிலிருந்து, அன்று தவறாகப் பதிவான ரசீது ஒன்றை நீக்கியிருக்கிறார். அது முதல் பக்கத்தில் இருந்தது. அது போனதும் பின்னால் இருந்த எல்லாமே ஓரிடம் முன்னே நகர்ந்தன. 41-ஆம் பக்கத்தின் முதல் ரசீது 40-ஆம் பக்கத்தின் கடைசிக்குப் போய்விட்டது. அந்தப் பக்கத்தைத்தான் ஏற்கெனவே வாங்கியாயிற்றே! அதனால் அது என் கைக்கு வரவில்லை. நீக்கப்பட்ட ரசீது என்னிடம் இருந்தது, இருக்க வேண்டிய ஒன்று இல்லை. கூட்டிக் கழித்தால் கணக்கு நேராகிவிட்டது. எந்தப் பிழைச் செய்தியும் வராது. நீக்குவதற்குப் பதில் புதிதாக ஒன்று சேர்ந்திருந்தால் எல்லாம் பின்னே நகர்ந்து, ஒரே ரசீது இரண்டு தடவை வந்திருக்கும். அதை எண் பார்த்து நீக்கிவிடலாம். விட்டுப்போனதைத்தான் கண்டுபிடிப்பது கஷ்டம்.

விட்டுப்போனது ஒரு தண்ணீர் லாரிப் பங்கு, 350 ரூபாய். அது அந்த அம்மாவின் கார்பஸ் ரசீதாக இருந்திருந்தாலும் கணக்கு இதே போலத்தான் நேராகியிருக்கும்.

இதற்கு மருந்து, பக்க எண்ணைச் சொல்லிக் கேட்காமல் இருப்பது. "41-ஆம் பக்கம் கொடு" என்பதற்குப் பதில், "இந்த எண்ணுக்கு அடுத்த நூறு ரசீது கொடு" என்று கேட்க வேண்டும். கம்பெனியின் ஏபிஐயில் அதற்கும் வழி இருந்தது:

```
?limit=100&after_id=48210
```

பழையதிலிருந்து புதியதை நோக்கி, கடைசியாக வாங்கிய எண்ணை அடையாளமாக வைத்துப் போகும்போது, முன்னால் எது நீக்கப்பட்டாலும் அடுத்த நூறு மாறாது. புதிதாகச் சேர்வது கடைசியில்தான் வரும். எல்லா ஏபிஐயிலும் இந்த வசதி இருக்காது. இல்லாத இடத்தில், இரண்டு தடவை எடுத்து எண் எண்ணாக ஒப்பிடுவதுதான் வழி. மொத்தத்தை மட்டும் பார்த்தால் போதாது.

மூன்றாவது தடவை அந்த முறையில் எடுத்த பட்டியலை வருஷவாரியாகக் கூட்டி, ஆடிட்டர் கையெழுத்திட்ட வரவுத் தொகையோடு சரிபார்த்தேன். ஏழு வருஷமும் ரூபாய்க்கு ரூபாய் பொருந்தியது. அதற்குப் பிறகுதான் கம்பெனிக்குக் கணக்கை மூடச் சொல்லிக் கடிதம் எழுதலாம் என்று செயலாளரிடம் சொன்னேன்.